பாட்டுப் புத்தகம் அச்சுக்குப் போகும் முன்: ஸ்ரீயும் க்ஷவும் சரியாக விழுகிறதா?

வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆடி நெருங்குகிறது. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் பாட்டுப் புத்தகம் வேண்டும் என்று குகையிலிருந்தும் செவ்வாய்ப்பேட்டையிலிருந்தும், ஏற்காட்டு எஸ்டேட் பக்கத்திலிருந்தும்கூட ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வருகிறவர்கள் தாள் என்ன, அட்டை என்ன, ஒரு காப்பிக்கு எவ்வளவு விழும் என்று கேட்கிறார்கள். எழுத்துரு என்றால் மட்டும் "பார்க்க அழகா ஏதாவது போடுங்க" என்பதோடு சரி. பக்திப் பாட்டில் கிரந்த எழுத்து நிறைய வரும் என்பதால் அங்கேதான் சிக்கல் கிளம்புகிறது. அதனால்தான் இந்த மடல்.

அண்மையில் அம்மாபேட்டை பஜனைக் குழு ஒன்று 48 பக்கப் புத்தகத்துக்கு ஃபைல் கொண்டுவந்தது. மூன்று பேர் பிரித்துக்கொண்டு தட்டச்சு செய்திருந்தார்கள். ஒருவர் போனில், ஒருவர் வீட்டுக் கணினியில், இன்னொருவர் பழைய பேஜ்மேக்கர் ஃபைலை யூனிகோடுக்கு மாற்றி. வேர்டில் திறந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. அவர்கள் கேட்ட அலங்கார எழுத்துருவுக்கு மாற்றியதும் ஒரு பக்கத்தில் ஸ்ரீ ஒழுங்காக இருக்கிறது, அடுத்த பக்கத்து ஸ்ரீயில் முதல் எழுத்து இருந்த இடத்தில் வெறும் கட்டம். லக்ஷ்மீ என்பது ஓரிடத்தில் சேர்ந்தும் ஓரிடத்தில் க், ஷ் என்று தனித்தனியாகப் பிரிந்தும் நிற்கிறது.

காரணம் இதுதான். கணினிக்கு ஸ்ரீ என்பது ஒரே எழுத்து அல்ல, வரிசையாக நான்கு குறிகள். அந்த வரிசையைப் பார்த்ததும் கூட்டெழுத்தின் வடிவத்தைப் போட வேண்டியது எழுத்துருவின் வேலை. அந்த வரிசையையும் இரண்டு விதமாக எழுதலாம். ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்பது பழைய வழக்கம். யூனிகோடில் 2005-இல் ஶ என்ற எழுத்து (U+0BB6) சேர்ந்த பிறகு, ஸ இருந்த இடத்தில் ஶ போட்டு எழுதும் இன்னொரு வழியும் வந்தது. நல்ல எழுத்துருவில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். சில அலங்கார எழுத்துருக்களுக்கு முதல் வழி மட்டும்தான் தெரியும், அவற்றில் ஶ என்ற எழுத்தே இருக்காது. வேர்டு அந்த ஓட்டையை வேறு எழுத்துருவிலிருந்து எடுத்து அடைத்துவிடுவதால் திரையில் கண்ணுக்குப் படாது, நாங்கள் பக்கம் அமைக்கும்போதுதான் கட்டமாக வந்து நிற்கும்.

எது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். வேர்டில் ஸ்ரீக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். ஈகாரக் குறி மட்டும் போய், கூட்டெழுத்து உடைந்து, முன்னால் இருப்பது ஸவா ஶவா என்று தெரிந்துவிடும். ஒரே தட்டில் முழு ஸ்ரீயும் போய்விட்டால் அது பெரும்பாலும் யூனிகோடே அல்ல, பாமினி மாதிரியான பழைய எழுத்துரு. அந்தக் குழுவின் ஃபைலில் ஶ போட்டதையெல்லாம் தேடி ஸவாக மாற்றி ஒரே வழிக்குக் கொண்டுவந்தோம். எந்த வழி என்பது பெரிய விஷயமில்லை, நீங்கள் எடுக்கும் எழுத்துருவுக்கு அது தெரிந்திருந்து, புத்தகம் முழுக்க ஒன்றாக இருந்தால் போதும்.

க்ஷ பிரிந்ததற்குக் காரணம் வேறு. க்-க்கும் ஷவுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி (U+200C) உட்கார்ந்திருந்தது. சேராதே என்று சொல்வதுதான் அதன் வேலை. ரிக்‌ஷா என்று எழுத அது வேண்டும், லக்ஷ்மீக்கும் மோக்ஷத்துக்கும் வேண்டாம். மாற்றி மென்பொருள் சில சமயம் அதைத் தானாகவே செருகிவிடுகிறது. பாட்டுப் புத்தகத்தில் ரிக்‌ஷா வரப்போவதில்லை என்பதால் மொத்தமாக நீக்கிவிட்டோம்.

மாற்றிய ஃபைலில் இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய எழுத்துருக்களில் காலைத் தட்டி அதன்மேல் புள்ளி வைத்து 'ர்' ஆக்கியிருப்பார்கள். யூனிகோடுக்கு வந்த பிறகும் அது துணைக்காலும் புள்ளியுமாகவே நிற்கும். கார்த்திகேயா என்பதில் வருவது ர்-ஆ, கால்மேல் புள்ளியா என்பது பல எழுத்துருக்களில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது, எழுத்துருவை மாற்றினால் புள்ளி மட்டும் நகர்ந்து போய் நிற்கும். தமிழில் துணைக்காலுக்குப் பின் புள்ளி வரவே வராது. ஆகவே கண்ணை நம்பாமல் தேடி மாற்றுவதுதான் வழி.

சரி, எந்த எழுத்துரு? நாங்கள் பாட்டு வரிக்கு Noto Serif Tamil-ஐச் சிபாரிசு செய்வோம். இலவசமாகவே கிடைக்கிறது, தடித்த எழுத்தும் அதற்கென்றே வரையப்பட்டது. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் B பொத்தானை அழுத்தினால் மென்பொருள் கோட்டைச் சும்மா பருமனாக்கும். 60 ஜிஎஸ்எம் மேப்லித்தோ மை குடிக்கும் தாள். அதில் க்ஷவின் உள்வளையமும் ஸவின் இடுக்குகளும் அடைத்துக்கொள்ளும். லேசர் பிரிண்டில் இது அவ்வளவாகத் தெரியாது, ஆப்செட்டில் ஓடும்போதுதான் தெரியும். கிரவுன் 1/8 அளவுக்கு 13 பாயின்ட் போட்டால் வயதானவர்கள் கண்ணாடியோடு தாராளமாகப் படிக்கலாம். அலங்கார எழுத்துருவைத் தலைப்போடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது என்பது எங்கள் கட்சி.

சுலோகத்தில் க², க³, க⁴ என்று எண் போடுகிறவர்கள் ⁴-ஐத் தனியாகப் பாருங்கள். ²-உம் ³-உம் உள்ள பல எழுத்துருக்களில் ⁴ இருக்காது. வேறு எழுத்துருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் பெரிதாகவோ மெலிதாகவோ இருக்கும். எண்ணை முழு எழுத்துக்குப் பிறகே போடுங்கள். எழுத்துக்கும் அதன் காலுக்கும் நடுவில் போட்டால் கால் தனியே கழன்று புள்ளி வட்டத்தோடு நிற்கலாம்.

எழுத்துருவை முடிவு செய்யும் முன் இந்த வரியை அதில் அடித்துப் பார்ப்போம். உங்கள் போனிலும் ஒட்டிப் பார்க்கலாம்:

```
ஸ்ரீ லக்ஷ்மீ க்ஷேத்ரம் மோக்ஷம் ரக்ஷிப்பாய் பக்ஷு க்ஷௌ ஹ்ருதயம் ஜ்வாலை கௌரி கொடு² கோ⁴
```

அட்டையைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் அதை வேறு ஒருவர் போட்டோஷாப்பில் செய்து கொண்டுவருகிறார். அங்கே World-Ready Layout தேர்வு செய்யாவிட்டால் ஸ்ரீ உடையும், கொ-வின் கொம்பு இடம் மாறும். இன்டிசைனில் அதே வேலைக்கு Adobe World-Ready Paragraph Composer. தலைப்பு அகலமாக வர வேண்டும் என்று எழுத்து இடைவெளியைக் கூட்டாதீர்கள், கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகிப் போகும். அகலம் வேண்டுமானால் எழுத்தின் அளவைக் கூட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், பிடிஎஃப் ஆகக் கொடுக்கிறவர்கள் அதைத் திறந்து Properties-இல் Fonts பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்திலும் Embedded அல்லது Embedded Subset என்று இருக்க வேண்டும். இல்லாததை எங்கள் கணினி வேறு எதையாவது வைத்து நிரப்பும்.

பிளேட் போடும் முன் முழுப் புத்தகத்தையும் தாளில் புரூப் எடுத்துத் தருவோம். பாட்டு தெரிந்த ஒருவர் அதைப் பாடிக்கொண்டே பார்க்கட்டும், இன்னொருவர் பாட்டைக் கவனிக்காமல் ஸ்ரீ, க்ஷ, மேலெண் இவற்றை மட்டும் தேடட்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால், வாய்க்குப் பழகிய பாட்டு என்பதால் கண் தாண்டிப் போய்விடும். கையெழுத்துப் போட்ட பிறகு "எழுத்துருவை மட்டும் மாத்திடுங்க" என்றால் வரி உடையும், பக்கம் நகரும், கூட்டெழுத்தையெல்லாம் முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதற்குப் புதுப் புரூப் எடுத்துத்தான் ஓட்டுவோம், அந்தச் செலவு தனி.

ஃபைலை யூனிகோடில், வேர்டாகவே கொண்டுவாருங்கள். பழைய பேஜ்மேக்கர் ஃபைல் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் அதோடு முன்பு அச்சடித்த புத்தகத்தின் ஒரு காப்பியையும் எடுத்து வாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.