ஜாயிண்ட்ல இருக்கற சிகரெட்டையும் கணக்குல சேருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஏற்காடு ரோட்டுல கஞ்சா பிடிபட்ட செய்தியும் கூடவே பசங்க அதுல இருந்து மீண்டு வர்றது எப்படின்னு நீங்க போட்ட கட்டுரையும் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா முழுக்க முழுக்க கஞ்சா பத்தி மட்டும்தான், புகையிலைன்னு ஒரு இடத்துல கூட வரல. நான் சேலத்துல போதை மீட்பு கவுன்சிலரா இருக்கேன். எங்ககிட்ட வர்ற பசங்கள்ல வெறும் கஞ்சாவை மட்டும் சுருட்டி அடிக்கறவன் ரொம்ப அபூர்வம்ங்க, சில்லறையா ஒரு சிகரெட் வாங்கி தூளை உதிர்த்து கூட கலந்து சுருட்டித்தான் எல்லாரும் அடிக்கறாங்க, அப்படி சுருட்டினதைத்தான் ஜாயிண்ட்ங்கறாங்க. விட முடியாம திணறுறதுக்கு பாதி காரணம் அந்த சிகரெட் தூள்லதான் இருக்கு, அதை யாரும் கேக்கறதும் இல்ல அவங்களா சொல்றதும் இல்ல.

ஒரு தம்பி கதையை சொல்றேன், யாருன்னு தெரியக்கூடாதுன்னு சிலதை மாத்தியிருக்கேன். ஏற்காட்டுல டூரிஸ்ட் கார் ஓட்டறவன். அவன் முதல்ல போன ஒரு இடத்துல ஃபார்ம்ல "சிகரெட் பழக்கம் உண்டா"ன்னு கேட்டிருக்காங்க, இவன் இல்லைன்னு எழுதிட்டான். பொய் சொல்லலைங்க, அவன் மனசுல நிஜமாவே அவன் சிகரெட் குடிக்கறவன் இல்ல. எங்ககிட்டயும் அதையேதான் சொன்னான், "அக்கா நான் தனி சிகரெட் தொடவே மாட்டேன்"னு. சரி தம்பி, ஜாயிண்ட்ல என்ன கலக்கற, ஒரு சிகரெட் எத்தனை ஜாயிண்ட்டுக்கு வரும்னு கேட்டேன். ரெண்டுக்கு வரும்னான். ஒரு நாளைக்கு எத்தனைன்னா ஆறு. அப்போ தினமும் 3 சிகரெட் தூள் உள்ள போகுது, அதுவும் பில்டர் கிடையாது, அட்டையை சுருட்டி வெச்ச முனைதான், சிகரெட்டை விட ஆழமா இழுக்கறான், அதனால மூணுதானேன்னு அசால்ட்டா விட முடியாது.

இதுல நான் ரொம்ப கவனிக்கறது காலை நேரத்தை. இவனுக்கு ஆரம்பத்துல வார கடைசியில ஃப்ரெண்ட்ஸோட மட்டும், அப்புறம் தினமும் ராத்திரி, அப்புறம் மெதுவா காலைல எந்திரிச்ச உடனே ஒண்ணுன்னு வந்துருச்சு. காலைல போதையில இருக்க அவனுக்கே பிடிக்காது, 20 ஹேர்பின் பெண்டு இறங்கணும் ஏறணும், அதனால காலை ஜாயிண்ட்ல கஞ்சாவை ஒரு சிட்டிகை மட்டும் போட்டு சிகரெட் தூளை நெறைய போட்டு அடிச்சிருக்கான். (அது கூட வண்டி ஓட்டறவன் செய்யக்கூடாத வேலை, அதை அவன்கிட்டயே சொல்லிட்டேன்.) போதை வேண்டாம் ஆனா பத்த வெச்சே ஆகணும்னா அவனை எழுப்பறது புகையிலையில இருக்கற நிக்கோட்டின்தான். ரத்தத்துல இருக்கற நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்துல பாதியாயிரும், ராத்திரி தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள கிட்டத்தட்ட காலியாயிரும், அதனாலதான் விடிஞ்சதும் தேடுது. கஞ்சாவோட சரக்கு அப்படி இல்ல, உடம்பு கொழுப்புல தங்கி நாள் கணக்குல மெதுவா எறங்கும். எந்திரிச்சு அரை மணி நேரத்துக்குள்ள பத்த வெக்கறவனுக்கு நிக்கோட்டின் பிடி பலமா இருக்குன்னு அர்த்தம், அது சிகரெட்டா இருந்தாலும் சரி கலந்த ஜாயிண்ட்டா இருந்தாலும் சரி.

செக்போஸ்ட் பயத்துல ஒரு நாள் அவனாவே கஞ்சாவை நிறுத்திட்டான். அன்னைக்கு சாயங்காலமே எரிச்சல், கை பரபரப்பு, சவாரி வந்தவங்ககிட்ட சண்டை. கஞ்சா விட்டதாலதான் இப்படின்னு நெனச்சுட்டான். ஆனா கஞ்சா விட்டதோட தொந்தரவு பொதுவா ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான் தலை காட்டும், முதல் வாரத்துல உச்சத்துக்கு போகும், நிக்கோட்டின்தான் சில மணி நேரத்துலயே ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்கு போறது. கோவம், தூக்கமின்மை, பதட்டம் ரெண்டுலயும் உண்டு, அதனால அவனுக்கே பிரிச்சு பாக்க தெரியல. கூட இருந்தவன் ஒரு சிகரெட்டை நீட்டியிருக்கான், பத்து நிமிஷத்துல மனசு அடங்கிருச்சு, சரி கஞ்சாவுக்கு பதிலா இது போதும்னு முடிவு பண்ணிட்டான். சில வாரத்துல ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். அப்புறம் அதே புகை, அதே விரல் இடுக்கு, அதே நெருப்பு, ஒவ்வொரு சிகரெட்டும் ஜாயிண்ட்டை ஞாபகப்படுத்த, மறுபடி கஞ்சாவும் வந்துருச்சு. எங்ககிட்ட வரும்போது ரெண்டும் சேர்ந்து இருந்துச்சு.

நாங்க ரெண்டையும் ஒரே தேதியில நிறுத்த சொன்னோம். முதல் நாள்ல இருந்தே நிக்கோட்டின் கம், காலைல எந்திரிச்ச உடனே தேடறவன்ங்கறதால டாக்டர் 4 மில்லிகிராம் குடுத்தார். அதை சும்மா சூயிங்கம் மாதிரி சவைக்கக்கூடாது, மெதுவா சவைச்சு சுருக்குன்னு காரம் வந்ததும் கன்னத்து ஓரம் ஒதுக்கி வெக்கணும், காரம் போனதும் மறுபடி, இப்படி அரை மணி நேரம். வேகமா சவைச்சு முழுங்கினா விக்கலும் வயித்தெரிச்சலும்தான் வரும், இது வேலைக்காகலன்னு தூக்கி போட்டுருவாங்க, நெறைய பேர் அங்கதான் கைவிடறாங்க. ஆனா இந்த கம் நிக்கோட்டின் பாதியைத்தான் பாத்துக்கும். கஞ்சா விட்டா வர்ற பசியின்மை, ராத்திரி வேர்வை, பயமுறுத்தற கனவு இதுக்குன்னு அங்கீகரிச்ச தனி மாத்திரை எதுவும் இல்ல, ரெண்டு மூணு வாரம் பொறுத்துத்தான் தாண்டணும். இதை முன்னாடியே சொல்லிட்டா கனவு வரும்போது பயந்து ஓட மாட்டாங்க.

இன்னொண்ணு, நம்ம ஏற்காட்டுக்காரங்க முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது காபி. புகையில இருக்கற சில ரசாயனம் காபியோட கேஃபீனை கல்லீரல் சீக்கிரம் கரைக்கற மாதிரி செஞ்சு வெச்சிருக்கும். புகையை நிறுத்தினா அந்த வேகம் போயிரும், அதே அளவு காபிக்கு ரத்தத்துல கேஃபீன் ஏறக்குறைய ரெண்டு மடங்கு நிக்கும். இவன் நாலஞ்சு டம்ளர் குடிக்கறவன், படபடப்பு தாங்கலன்னு வந்து நின்னான், பாதியா குறைக்க சொன்னோம், கொஞ்ச நாள்ல தூக்கம் தேறுச்சு. கம் போடறதுக்கு முன்னாடி கால் மணி நேரமும் காபி டீ ஆகாது, நிக்கோட்டின் சரியா ஏறாது.

நடுவுல ஒரு தடவை ஃப்ரெண்ட் ரூம்ல ரெண்டு இழுப்பு இழுத்துட்டான். மறுநாள் விடிஞ்சதும் கஞ்சா ஞாபகமே இல்ல, சிகரெட் ஆசைதான் பிடிச்சு உலுக்குச்சுன்னான். அந்த ரெண்டு இழுப்புலயும் புகையிலை இருந்துச்சுல்ல. கம்மை நிறுத்தாம தொடர சொன்னோம், இப்போ வந்துட்டு போய்ட்டு இருக்கான்.

பசங்க வீடியோல பாக்கறது பெரும்பாலும் அமெரிக்காக்காரங்க பேசறது. அங்க புகையிலை கலக்கறவங்க ரொம்ப குறைவு, ஐரோப்பாவுல பல நாட்டுலயும் நம்ம ஊர்லயும்தான் கலக்கறது வழக்கம். "ஒரு வாரம் கஷ்டம் அப்புறம் ஒண்ணுமில்ல"ன்னு அவங்க சொல்றதை நம்பி இறங்கறவனுக்கு கூடவே நிக்கோட்டினும் இழுக்கும்போது தன் மேலயே நம்பிக்கை போயிருதுங்க, அதுதான் எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு.

உங்ககிட்ட கேக்கறது இதுதான், அடுத்த தடவை கஞ்சா பத்தி போடும்போது புகையிலையையும் சேர்த்து போடுங்க. 1800-11-2356ங்கற புகையிலை நிறுத்த உதவி நம்பர் சிகரெட் பாக்கெட் மேலயே அச்சடிச்சிருக்கு, ஆனா கலக்கறதுக்கு ஒண்ணு ரெண்டுன்னு சில்லறையா வாங்கற இந்த பசங்க பாக்கெட்டை கண்ணால பாக்கறதே இல்ல. கஞ்சாவை நிறுத்த உதவிக்கு 14446. ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, வீட்டுல இருக்கறவங்களும் எத்தனை ஜாயிண்ட்னு மட்டும் கேக்காம அதுல என்ன கலக்கறன்னும் கேக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு போதை மீட்பு கவுன்சிலர்,
சேலம்.