வேலைய விடாத ஆள வேலைய விட்டதா காட்டிட்டீங்க: இஎஸ்ஐ கணக்கு பத்தி புகார்

வணக்கம் சார்,

எங்க பட்டறைக்கு நீங்கதான் மாசாமாசம் சம்பளக் கணக்கு, இஎஸ்ஐ எல்லாம் பாக்குறீங்க. பத்தாவது ஆள் சேந்தப்பவே ஒரு குழப்பம் பண்ணீங்க, 20 பேர் வந்தா போதும்னு சொன்னீங்க, அது பிஎஃப்க்கு, இஎஸ்ஐக்கு 10 பேர்னு நானே விசாரிச்சு சொன்னப்புறம்தான் பதிவு பண்ணீங்க. அத அப்பவே விட்டுட்டேன். இப்ப நடந்தத விட முடியல.

எங்க வெல்டருக்கு சம்பளம் 20,000. ஜூலைல 22,500 ஆக்கினேன். இஎஸ்ஐ சம்பள வரம்பான 21,000 தாண்டிருச்சுன்னு நீங்க அந்த மாசமே அவர இஎஸ்ஐல இருந்து எடுத்துட்டீங்க. அப்படி எடுக்கக் கூடாது சார். ஏப்ரல்ல சந்தா காலம் ஆரம்பிக்கும்போது வரம்புக்குள்ள இருந்தவருக்கு நடுவுல சம்பளம் கூடினாலும் செப்டம்பர் முடியுற வரைக்கும் கட்டணும், அதுவும் 21,000க்கு இல்ல, முழு 22,500க்கும். வெளிய எடுக்குறதுன்னா அக்டோபர்லதான்.

இதவிட மோசம், ஜூலைல 'வரம்புக்கு வெளிய'ன்னு போட முடியாதுங்கிறதால 'வேலைய விட்டுட்டார்'னு போட்டிருக்கீங்க. போன வாரம் மனைவிய டிஸ்பென்சரிக்கு கூட்டிட்டுப் போனவர்கிட்ட கவுண்டர்ல அதத்தான் சொல்லிருக்காங்க. நேரா பட்டறைக்கு வந்து "அண்ணே, என்னைய வேலைய விட்டு எடுத்துட்டீங்களா?"ன்னு கேட்டார். எனக்கு பதில் சொல்ல வாய் வரல. அப்புறம் உக்காந்து சலான எடுத்து பாத்தா ஜூன்ல 11 பேர், ஜூலைல 10 பேர். மாசாமாசம் நீங்க அனுப்புற மெயில்ல மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கு, பேர் இல்ல, அதனால எனக்குத் தெரியவே இல்ல.

ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கட்டுற சந்தாவுக்குத்தான் அடுத்த ஜனவரில இருந்து ஜூன் வரைக்கும் பயன் காலம் வருது. இந்த மூணு மாசத்த நீங்க விட்டது அவர் குடும்பத்தோட வைத்தியத்துல கைவைக்கிற மாதிரி, எனக்கு மனசே ஆறல.

மாசத்துக்கு அவர் பங்கு 0.75 சதவீதம், அடுத்த முழு ரூபாய்க்கு ரவுண்ட் பண்ணா 169 ரூபா, என் பங்கு 3.25 சதவீதம், 732. மூணு மாசத்துக்கு 2,703. இதுல அவர் பங்க இப்ப அவர் சம்பளத்துல பிடிக்க சட்டத்துல இடமில்ல, அந்தந்த மாச சம்பளத்துலதான் பிடிக்கலாம், அதனால அதுவும் என் தலைலதான். அந்த 2,703ஐ நான் கட்டிடுறேன். ஆனா வருஷத்துக்கு 12 சதவீத வட்டியும், அபராதம் வந்தா அதுவும் நீங்க ஏத்துக்கணும்.

இந்த வாரத்துக்குள்ள கிளை அலுவலகத்துக்கு கடிதம் எழுதி 'வேலைய விட்டுட்டார்'ங்கிற பதிவ திருத்துங்க, கடிதத்தோட நகல் எனக்கும் அவருக்கும் வேணும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பருக்கு விடுபட்ட சலான் போடுங்க. இனிமே மாசம் 15ஆம் தேதி கட்டுறதுக்கு முன்னாடி ஆள்வாரி பட்டியல எனக்கு அனுப்பி, நான் சரின்னு சொன்னப்புறம் கட்டுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வரலேன்னா கணக்க வேற இடத்துக்கு மாத்திடுவேன், லாகின் விவரங்கள அன்னைக்கே ஒப்படைச்சிடுங்க.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்