லாபம் இருக்கு, பணம் எங்கே?
(பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கத்தின் ஆண்டுப் பேரவையில் செயலாளர் வாசித்த ஆண்டறிக்கை. வேலூர் மாவட்டம்.)

தலைவர் அவர்களே, பால் ஊத்தும் அக்காமார்களே, அண்ணன்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

போன பேரவையில ஐந்தொகையை வரி வரியாப் படிச்சேன். முடிச்சதும் பின்வரிசையில இருந்து ஒரு அக்கா, "தம்பி, நீ படிச்சது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நம்ம சங்கம் நல்லா இருக்கா இல்லையா?"ன்னு கேட்டாங்க. நாப்பது நிமிஷம் படிச்சும் அது புரியலன்னா தப்பு என் மேலதான். அதனால பட்டியலைச் சுவத்துல ஒட்டிட்டேன். இன்னிக்கு நீங்க எல்லாரும் கேக்கிற ஒரே கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன்.

மார்ச் 31 வரைக்கும் நம்ம சங்கத்துக்கு லாபம் 84,000 ரூபாய். ஆனா கைரொக்கமும் பேங்க் இருப்பும் சேத்து 21,400தான் இருக்கு. போன வருஷம் இதே நாள்ல 16,900 இருந்துச்சு. அதாவது பெட்டியில கூடினது வெறும் 4,500. மீதியை யாராவது எடுத்துட்டாங்களான்னு டீக்கடையில பேச்சு ஓடுதுன்னு எனக்கும் தெரியும்.

முதல்ல எடை மெஷின். பழசு பழுதாயி அடிக்கடி நின்னுச்சு. புதுசு 30,000க்கு வாங்கினோம். பணம் மொத்தமும் அன்னிக்கே போயிடுச்சு. ஆனா லாபக் கணக்குல அதை 30,000 செலவுன்னு எழுத மாட்டோம். பொய்கை சந்தையில செவ்வாய்க்கிழமை மாடு புடிச்சுட்டு வர்றீங்க. பணம் கையை விட்டுப் போச்சுதான், ஆனா மாடு உங்க கொட்டாய்ல நிக்குது இல்லையா? அப்புறம் ஈத்து ஏற ஏற மாட்டோட விலை இறங்கும். மெஷினும் அப்படித்தான். இந்த வருஷம் 4,500 இறங்கினதா எழுதியிருக்கோம். பட்டியல்ல 'தேய்மானம்'னு இருக்கிறது இதுதான். யார் கைக்கும் போன பணம் இல்ல, வெறும் எழுத்து. அதைக் கழிக்கறதுக்கு முன்னாடி பாத்தா நம்ம சம்பாத்தியம் 88,500. அதுல மெஷினுக்கு 30,000 போச்சு.

ரெண்டாவது, மார்ச் கடைசி பத்து நாள் பால். ஒன்றியத்துல இருந்து அதுக்கான பணம் ஏப்ரல்லதான் வந்துச்சு. உங்களுக்கு நாங்க பட்டுவாடா பண்ணினதும் ஏப்ரல்லதான். உங்க பங்கு போக சங்கத்துக்கு நிக்க வேண்டிய 16,000 மார்ச் 31 அன்னிக்குப் பெட்டியில இல்ல. போன வருஷம் மார்ச்சுக்குள்ளயே வந்துட்டதால இந்தப் பேச்சே எழல. இது இப்ப வந்து சேந்துடுச்சு, கவலை இல்ல.

மூணாவதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. தீவன பாக்கி. போன வருஷம் 27,000 இருந்தது, இப்ப 65,000. கூடினது 38,000. மூட்டை கொடுத்த உடனே வித்ததா எழுதிடறோம், அதுல வர்ற லாபமும் ஏறிடுது. பணம் வந்துச்சான்னு லாபக் கணக்கு கேக்காது.

இந்த மூணையும் கூட்டுங்க: முப்பதும் பதினாறும் முப்பத்தெட்டும் எண்பத்துநாலாயிரம். 88,500ல அது போனா நிக்கிறது 4,500. பெட்டியில கூடினதும் அதேதான்.

இப்ப அந்த 65,000ஐக் கொஞ்சம் கிளறிப் பாப்போம். 52,000 தினமும் பால் ஊத்தறவங்க பாக்கி. பத்து நாள் பில்லுல புடிச்சுக்கறோம், வந்துடும். மீதி 13,000 நாலு பேர் பேர்ல நிக்குது. அவங்க மாட்டை வித்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. பால் இல்ல, பில் இல்ல, அப்ப எதுல புடிக்கிறது? பேர் சொல்லப் போறதில்ல, சபையில வச்சு யாரையும் கூச வைக்க வேணாம். ஆனா தணிக்கை இன்னும் முடியல. அந்த 13,000 வருமான்னு சந்தேகம், ஐயக்கடன்னு ஒதுக்கிவைன்னு தணிக்கையாளர் சொன்னா லாபம் 71,000ஆ இறங்கும். அவர் சொல்றதுதான் சரின்னு எனக்கே படுது. போனஸ் எவ்வளவுன்னு இன்னிக்கு நான் வாய் விடாததுக்கு இதுதான் காரணம். தணிக்கை முடியணும், சேமநிதிக்கு ஒதுக்கணும், அப்புறம்தான் பிரிக்க முடியும்.

அந்த நாலு பேரை விட்டுப்புட்டதும் என் தப்புதான். பால் ரெண்டு பில் நின்னப்பவே வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கணும். இனிமே மூணு மூட்டை பாக்கி இருந்தா நாலாவது மூட்டை கடனுக்கு இல்லன்னு நிர்வாகக் குழு முடிவு பண்ணியிருக்கு. கோவிச்சுக்காதீங்க.

இன்னொண்ணு. ஐந்தொகையில உங்க பங்குப் பணம் 'தரவேண்டியது' பக்கத்துல இருக்கும். சங்கம் கடன்ல மூழ்கிடுச்சுன்னு பயப்பட வேணாம். அது உங்க பணம், சங்கம் உங்களுக்குத் திருப்பித் தரவேண்டியதுன்னுதான் அங்க எழுதியிருக்கு.

மேசை மேல தீவன பாக்கித் தாள் இருக்கு, ஒருத்தருக்கு ஒரு தாள். அதுல இருக்கிற தொகையை உங்க பால் அட்டையில இருக்கிற பாக்கியோட ஒத்துப் பாருங்க. படிக்கத் தெரியலன்னா உங்க வீட்டுப் பசங்க யாரையாவது கூப்பிடுங்க, நானே படிச்சா நான் சொன்னதுதான்னு ஆயிடும். சரியா இருந்தா கையெழுத்தோ ரேகையோ வையுங்க. பத்து ரூபாய் வித்தியாசம்னாலும் வைக்காதீங்க, அட்டையோட என்கிட்ட வாங்க. சாயந்திரப் பால் கறக்கிற நேரம் ஆகுது, வயசானவங்க முதல்ல பாத்துட்டுக் கிளம்பட்டும்.