4ம் லைன்ர சிவப்பு 50

மச்சான்,

நீ கடைசியா எழுதினதுக்கு நான் பதில் போடேல்ல எண்டு தெரியும், திட்டுறதெண்டா நேர வரேக்க திட்டு. இங்க எல்லாரும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் நோ மட்டும் அப்பிடியே.

சரி விசயத்துக்கு வாறன். போன கிழமை பக்டரியில குவாட்டர் ரிவியூ. ஸ்லைட் எல்லாம் இங்கிலீஸ், விளக்கம் சிங்களம், எங்கட தமிழ் சுப்பர்வைசர்மார் தலையாட்டிக்கொண்டு இருந்திச்சினம். 4ம் லைனுக்குப் பக்கத்தில எபிசியன்சி 50% எண்டு சிவப்பில கிடந்தது. அந்த லைன் அக்கா ஆரெண்டு தெரியும்தானே, நீ ட்ரெயினியா இருக்கேக்க உன்ர ஸ்டொப் வோச்சப் பறிச்சு வச்சவ! அவ உள்ளுக்க வாய் திறக்கேல்ல, வெளிய வந்தோண்ண என்னைப் பிடிச்சிட்டா. "தம்பி, முந்தின ஸ்டைல்ல நாளைக்கு 720 பீஸ் அடிச்சம், இப்ப 1200 அடிக்கிறம், கூட அடிச்சா ஏன் குறையுது?"

பிறகு மனேஜரிட்டக் கேட்டு, தமிழ் ஆக்கள் எல்லாரையும் கென்டீனில இருத்தி வச்சு இந்தக் கேள்வியையே எடுத்துக் கதைச்சன். பீஸ விடுங்கோ, நிமிசத்தப் பாருங்கோ எண்டன். லைனில 30 பேர், ஆளுக்கு 480 நிமிசம், அப்ப ஒரு நாளைக்குக் கம்பனி சம்பளம் குடுக்கிறது 14,400 நிமிசத்துக்கு. முந்தின ஸ்டைலுக்கு எஸ்.எம்.வி. 12, அதாவது ஒரு பீஸ் தைச்சு முடிக்க 12 நிமிச வேலை எண்டு கணக்கு. 720 பீஸ் எண்டா 8,640 நிமிச வேலை வெளிய வந்திருக்கு, அது 14,400ல 60 வீதம். புது ஸ்டைல் லேசு, எஸ்.எம்.வி. 6 தான். 1200 பீஸ் அடிச்சும் வந்தது 7,200 நிமிச வேலை, 50 வீதம். பழைய 60 நிக்கோணுமெண்டா 1440 அடிக்கோணும். அக்கா உடன, "அப்ப 1440 எண்டு சொல்லியிருந்தா எங்களுக்கு விளங்கியிருக்குமே, ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?" எண்டா. பதில் இருந்தா நீ சொல்லு.

ஆனா எனக்கு உறுத்துறது அதில்ல மச்சான். அந்த ஸ்டைல் ஓடின நாளெல்லாம் கட்டிங்கில இருந்து துண்டு வராம லைன் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் சும்மா இருந்திருக்கு. 30 பேர், 60 நிமிசம், 1,800 நிமிசம் அப்பிடியே போச்சு. அதைக் கழிச்சா மிச்சம் 12,600, அதில 7,200 எண்டா 57 வீதம். பிள்ளையள் துண்டு கையில இருந்த நேரத்தில வேலை செய்த அளவு 57, மொத்தக் கணக்கு 50. ரெண்டும் சரியான நம்பர்தான், கேள்விதான் வேற. நடுவில இருக்கிற 7 கட்டிங்கிட்டக் கேக்க வேண்டியது, ஸ்லைட்டில அக்கான்ர தலையில விழுந்திட்டு. ஏன் லொஸ்ட் டைம் சீட்டில எழுதேல்ல எண்டு கேட்டா, கட்டிங் இன்சார்ஜ் சைன் வைக்க மாட்டாராம், கெஞ்சிக்கொண்டு நிக்கிற நேரத்தில ரெண்டு பண்டில் இறக்கலாமாம்.

அதுக்காக எழுதுறதெல்லாத்தையும் நம்பவும் ஏலாது. இன்னொரு லைனில (ஆரெண்டு உனக்கே விளங்கும், பிளேன்டீ கேஸ்) நூல் அறுந்தாலும் லொஸ்ட் டைம்தான். ஊசி மாத்துறது, நூல் கோக்கிறது மாதிரிச் சின்னத் தாமதங்களுக்கு எஸ்.எம்.வி.க்குள்ளயே அலவன்ஸ் போட்டிருக்கு, திரும்பவும் கழிச்சா ரெண்டு தரம் கழிச்ச மாதிரி. நான் அவற்ற சீட்டை மெக்கானிக்மாற்ற பிரேக்டவுன் புத்தகத்தோடயும் கட்டிங் துண்டு குடுத்த நேரத்தோடயும் வச்சுப் பாத்தன், பாதிக்கு மேல பொருந்தேல்ல.

எஸ்.எம்.வி.யே பிழையா இருந்தா எண்டு பின்னுக்கிருந்து ஒரு தம்பி கேட்டான், கெட்டிக்காரன். ஒரு லைன் மட்டும் விழுந்தா அந்த லைனைத்தான் முதல்ல பார், அந்த ஸ்டைல் ஓடின லைன் எல்லாம் பழகின பிறகும் ஒரே மாதிரி விழுந்து கிடந்தா எஸ்.எம்.வி. போடுற எங்கட டிப்பார்ட்மென்டுக்கு வந்து சண்டை பிடி எண்டு சொன்னன். முதல் நாலஞ்சு நாளைக் கணக்கில எடுக்காத எண்டும் சொன்னன், புது ஸ்டைலுக்குக் கை பழகும் வரைக்கும் எந்த லைனும் விழும்தானே.

அடுத்த ரிவியூவுக்கு 50, 57 ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில போடச் சொல்லி மனேஜரிட்டக் கேட்டிருக்கிறன். ரெண்டு நம்பர் போட்டா ஆக்கள் குழம்புவினமாம். குழம்புறது ஆரெண்டு எனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு வந்திட்டன். இன்சென்டிவ் அந்த 50ஐ வச்சுத்தான் போடுறாங்கள், மாசக் கடைசியில அக்கான்ர லைன் பிள்ளையள் கேக்கேக்க அவதான் பதில் சொல்லோணும்.

உங்கட பக்டரியில லொஸ்ட் டைமுக்கு ஆர் சைன் வைக்கிறது? கட்டிங்கா, இல்லாட்டி நடுவில வேற ஆராவதா? சீட்டு ஒண்டைப் படம் எடுத்து அனுப்பு, திங்கக்கிழமைக்கு முதல் வேணும்.

அக்கா உன்னை விசாரிச்சவ. ஸ்டொப் வோச் இப்பவும் அவட்டத்தானாம்.

உன்ர மச்சான்
கொழும்பு