கார் ஸ்ட்ரீட்னு மட்டும் போடாதீங்க: அல்சூர் கோயில் கமிட்டி, சங்கம், மண்டபம் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பெரியவங்களுக்கும் நோட்டீஸ் வேலை பாக்குற தம்பி தங்கச்சிங்களுக்கும் வணக்கம்.

நான் பெங்களூர் அல்சூர் மார்க்கெட் பக்கத்துல பார்சல் புக்கிங் கவுன்டர்ல உக்கார்றவன், நாள் முழுக்க அட்ரஸ் படிக்கிறதுதான் என் வேலை. போன வாரம் ஒரு கல்யாண ரிசப்ஷன் கார்டு பாத்தேன், "இடம்: மண்டபம், கார் ஸ்ட்ரீட்" அப்படின்னு முடிஞ்சிருச்சு, ஊர் பேரும் இல்ல பின்கோடும் இல்ல. நமக்கு கார் ஸ்ட்ரீட்னா சோமேஸ்வரர் கோயில் பக்கம்னு கண்ண மூடிட்டு தெரியும். ஆனா அந்த கார்டு மங்களூருக்கும் சிதம்பரத்துக்கும் திருநெல்வேலிக்கும் போகுது, அந்த மூணு ஊர்லயும் கார் ஸ்ட்ரீட் இருக்கு.

ஏன் இத்தன ஊர்ல ஒரே பேருன்னு நிறைய பேர் என்கிட்ட கேட்டிருக்காங்க. இது மோட்டார் கார் இல்லங்க, தேர். வெள்ளக்காரன் காலத்துல தேர "டெம்பிள் கார்"னு எழுதுவாங்க, அதனால தேர் ஓடுற வீதி எல்லாம் காகிதத்துல கார் ஸ்ட்ரீட் ஆயிருச்சு. பெரிய கோயில் இருந்தா தேர் இருக்கும், தேர் இருந்தா அது சுத்தி வர அகலமான வீதி இருக்கும். ஒரு ஊரப் பாத்து இன்னொரு ஊரு வச்ச பேரு இல்ல இது, ஒவ்வொரு ஊரும் தன் கோயிலப் பாத்து தானா வச்சுக்கிட்ட பேரு. மங்களூர், உடுப்பியில கன்னடக்காரங்க ரத பீதின்னு சொல்றதும் அதேதான். தலைவர் பேர்ல வர்ற ரோடு வேற கத. நம்ம காமராஜ் ரோடு முன்னாடி கேவல்ரி ரோடா இருந்துச்சு, சென்னையில மெரினா ஓரமா போறது காமராஜர் சாலை, ஒவ்வொரு ஊரு நிர்வாகமும் தனித்தனியா மரியாதைக்கு வைக்கிறாங்க, பக்கத்து ஊர்ல அந்தப் பேரு இருக்கான்னு பாத்து வைக்கணும்னு அவசியம் இல்ல.

இப்ப ஒரு விஷயத்த விவரமா சொல்றேன், அதப் படிச்சா நான் ஏன் இவ்வளவு தூரம் எழுதுறேன்னு புரியும்.

போன வருஷம் ஒரு அம்மா வந்தாங்க, எழுபது வயசு இருக்கும், வீட்டுக்காரர் தவறிப்போய் ரெண்டு மாசம். வாரிசு விஷயமா ஒரு பேப்பர்ல நாத்தனார் கையெழுத்து வேணும். அவங்க போன் நம்பர் மாறிப்போச்சு, கையில இருந்தது ஒரு பழைய இன்லேண்ட் லெட்டர் மட்டும். அதுல "23, கீழ ரத வீதி" வரைக்கும் நல்லா தெரியுது, அதுக்குக் கீழ தண்ணி பட்டு ஊர் பேரு கரைஞ்சுபோச்சு. லெட்டர் உள்ள "ஆனித் தேருக்கு எல்லாரும் வாங்க"ன்னு எழுதியிருந்தாங்க. பேரன் அதப் படிச்சுட்டு, ஆனித் திருமஞ்சனம்னா சிதம்பரம்தான்னு முடிவு பண்ணி, மேப்புல ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட்னு தேடினான், சிதம்பரமே மேல வந்துச்சு, 608001 போட்டு ஒரிஜினல் பேப்பர வேற ஒரு இடத்துல கொடுத்து அனுப்பிட்டாங்க. பதினோரு நாள் கழிச்சு கவர் திரும்பி வந்துச்சு, மேல "விலாசத்தில் இப்படி ஒருவர் இல்லை"ன்னு எழுதி. திரும்பி வந்ததே பெரிய விஷயம், அந்த 23-ஆம் நம்பர்ல யாராவது வாங்கி உள்ள வச்சிருந்தா அந்தப் பேப்பர எங்கேன்னு போய்த் தேடுறது?

பையன் மேல தப்பு சொல்ல மாட்டேன், அவன் யோசிச்சுதான் செஞ்சான். ஆனா சிதம்பரத்துல ஆனியில தேர் ஓடுற மாதிரியே திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில்லயும் ஆனியிலதான் பெரிய தேர் ஓடும். ரெண்டு ஊர்லயும் கோயிலச் சுத்தி நாலு வீதி, ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஈஸ்ட், வெஸ்ட், நார்த், சவுத் கார் ஸ்ட்ரீட்தான் பேரு. தெரு பேரும் ஒத்துப்போகுது, திருவிழா மாசமும் ஒத்துப்போகுது, அப்படி ரெண்டு அடையாளம் சேந்து வந்துட்டா யாருக்கா இருந்தாலும் சந்தேகமே வராது. அதனால நான் எப்பவும் பாக்குறது, இந்த அடையாளம் வேற ஊருக்கும் பொருந்துமான்னுதான். பொருந்தும்னா அத வச்சு ஊர முடிவு பண்ணக் கூடாது.

அந்த லெட்டர வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். இன்லேண்ட் லெட்டர்ல அனுப்புறவர் விலாசத்துக்குக் கீழ பின்கோடுக்குன்னு ஆறு கட்டம் இருக்கும்ல, அதுல மை பரவியிருந்தாலும் முதல் நாலு கட்டம் தெரிஞ்சுது: 6, 2, 7, 0. அது போதும். பின்கோடுல முதல் எண் நாட்டோட எந்தப் பகுதின்னு சொல்லும், 6 வந்தா தமிழ்நாடு, கேரளா பக்கம், 5 வந்தா கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா பக்கம். முதல் மூணு எண்ணும் சேந்து எந்த வட்டாரத்துல தபால் பிரிக்கிறாங்கன்னு சொல்லும், 608 சிதம்பரம் பக்கம், 627 திருநெல்வேலி பக்கம். கடைசி மூணு எண் தபால் பட்டுவாடா பண்ற ஆபீஸ். சிதம்பரம் அங்கேயே அடிபட்டுப்போச்சு. ஆனா 627-னு பாத்ததும் நெல்லைதான்னு துள்ளிடக் கூடாது, ஏன்னா சங்கரன்கோவிலும் 627-லதான் ஆரம்பிக்கும், அங்கயும் பெரிய கோயில், அங்கயும் ரத வீதி இருக்கு. அது 627756. நம்ம லெட்டர்ல நாலாவது கட்டத்துல 0 இருந்ததால அதுவும் போச்சு. மீதி நெல்லை ஊருக்குள்ளயே 627001-ஆ 627006-ஆ, இல்ல வேற நம்பரான்னுதான் கேள்வி. நெல்லையப்பர் கோயில் இருக்கிறது டவுன் பக்கம், அஞ்சல் துறை வெப்சைட்ல பின்கோடு தேடுற இடத்துல 627006 போட்டுப் பாத்தா திருநெல்வேலி டவுன்னு வருது.

இவ்வளவு ஆனப்புறமும் நான் அன்னைக்கு கவர வாங்கல. பின்கோடு ஏரியாவத்தான் சொல்லும், அந்த வீட்ல அந்த ஆள் இன்னும் இருக்காங்களான்னு அதுக்குத் தெரியாது. மேப்புல அந்த கீழ ரத வீதியில போன் நம்பர் போட்டிருந்த ஒரு கடைக்கு போன் பண்ணி, இந்தப் பேர்ல ஒரு அம்மா 23-ல இருக்காங்களான்னு மட்டும் கேட்டேன். கடக்காரர் ரெண்டு நிமிஷம் லைன்ல நிக்க வச்சுட்டு, "அந்த அக்கா மூணு வீடு தள்ளி மகன் வீட்ல இருக்காங்க, பழைய நம்பர்தான் 23, இப்ப புது நம்பர் வேற"ன்னாரு. பழைய எண், புது எண் ரெண்டும் கேட்டு வாங்கி எழுதி, மறுநாள்தான் அனுப்பினோம். நாலாம் நாள் அந்த நாத்தனாரே போன் பண்ணி அழுதாங்க, தம்பி போனது அவங்களுக்கு அந்தக் கவரப் பாத்துத்தான் தெரிஞ்சுருக்கு.

இன்னொன்னும் சொல்லியே ஆகணும், இது பெங்களூர்ல வளந்த பசங்க அடிக்கடி பண்றது. "கீழ"ன்னா கிழக்கு, "மேல"ன்னா மேற்கு. இங்க ஃபார்ம்ல இங்கிலீஷ்ல எழுதும்போது கீழ வீதிய லோயர் ஸ்ட்ரீட்னு எழுதிடுறாங்க, என் கண்ணால மூணு தடவ பாத்திருக்கேன். அதுலயும் ஊருக்கு ஊரு மாறும், சிதம்பரத்துல கீழ வீதின்னா ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட், தஞ்சாவூர்ல கீழ வீதின்னா ஈஸ்ட் மெயின் ஸ்ட்ரீட். நமக்கு இங்க மெயின்னா ஃபோர்த் மெயின், ஃபிஃப்த் மெயின் மாதிரி லேஅவுட் ரோடு, அந்த நெனப்புல பாத்தா தஞ்சாவூர் அட்ரஸ் தப்புன்னு தோணும். அதனால தெரு பேர நாமளா மொழிபெயர்க்கவே வேணாம். அந்த வீட்டு கரண்ட் பில்லுல எப்படி இருக்கோ அப்படியே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, எழுத்துக்கு எழுத்து பாத்து எழுதிக்கலாம்.

லொகேஷன் அனுப்பினா போதுமேன்னு கேப்பீங்க. அவங்க வாசல்ல நின்னு இருக்கிற இடத்தோட லொகேஷன அனுப்பினா நம்பலாம், தெரு பேர டைப் பண்ணி தேடி எடுத்து அனுப்பினா நம்பாதீங்க. மேப் பெரும்பாலும் நாம இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல உள்ளத முதல்ல காட்டும், அல்சூர்ல உக்காந்து கார் ஸ்ட்ரீட்னு அடிச்சா அல்சூர் வரும், மங்களூர்ல இருக்கிற சித்தப்பா அதே வார்த்தைய அடிச்சா அவர் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு வரும். ரெண்டு பேருமே சரியாத்தான் அடிச்சிருப்பாங்க.

இப்ப உங்ககிட்ட கேக்க வந்தது. உங்க நோட்டீஸ், கார்டு, ரசீது புக், பேனர் எதுலயா இருந்தாலும் கார் ஸ்ட்ரீட்டோட நிறுத்தாம, கதவு எண், கார் ஸ்ட்ரீட், அல்சூர், பெங்களூரு 560008னு முழுசா போடுங்க. சில பேரு அழகா இருக்கட்டும்னு "தேர் வீதி"ன்னு மட்டும் போடுறாங்க, எனக்கும் அந்தப் பேருதான் பிடிக்கும், ஆனா ஆட்டோக்காரருக்குத் தெரிஞ்சது கார் ஸ்ட்ரீட், அதனால ரெண்டும் இருக்கட்டும். அல்சூர்னு போட்டுட்டு பக்கத்துல ஹலசூருன்னும் சேத்துடுங்க, மெட்ரோ ஸ்டேஷன் பேரு அப்படித்தான் இருக்கு, வெளியூர்லேர்ந்து ரயில்ல வந்து மெட்ரோ ஏறுற பெரியவங்க அல்சூரத் தேடிட்டு ஸ்டேஷன தாண்டிப் போயிடுறாங்க. கோயில் பீரோவுல இருக்கிற பழைய ரசீதுல "பெங்களூர்-8"னு இருந்தா அத வெறும் வார்டு நம்பர்னு நெனச்சு விட்டுடாதீங்க, 1972-ல பின்கோடு வர்றதுக்கு முன்னாடி இருந்த தபால் நம்பர் அது, அந்த 8-தான் இப்ப 560008-ஓட கடைசியில நிக்குது. பழைய உபயதாரர் குடும்பங்கள தேடும்போது மத்த ஏரியாவுக்கும் இத வச்சுப் பிடிக்கலாம், பெங்களூர்-3னா மல்லேஸ்வரம் 560003, பெங்களூர்-4னா பசவனகுடி 560004.

வெளியூர் உபயதாரர் லிஸ்ட் வச்சிருக்கீங்கல்ல, அதுல ரத வீதி, கார் ஸ்ட்ரீட், சன்னதி தெரு, கீழ வீதி, மேல வீதின்னு வர்றத எல்லாம் தனியா எடுத்து வையுங்க, பின்கோடு இல்லாதவங்களுக்கு பிரசாதம் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு, "கோயில் வாசல்ல நின்னா உங்க வீடு எந்தப் பக்கம், பழைய நம்பர் என்ன, புது நம்பர் என்ன"ன்னு கேட்டு எழுதிடுங்க. அட்ரஸ் என்னன்னு கேட்டா மனப்பாடமா பாதிதான் சொல்வாங்க, வீட்டுக்கு வழி கேட்டா முழுசா சொல்வாங்க.

அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ப்ரூஃப் காப்பிய கவுன்டர்ல கொடுத்துட்டுப் போங்க. மதியம் ரெண்டு மணிக்கு மேல கூட்டம் இருக்காது, அட்ரஸ் வரிய படிச்சு, லிஸ்ட்ல இருக்கிற பின்கோடையும் ஒவ்வொண்ணா போட்டுப் பாத்து சாயங்காலத்துக்குள்ள திருப்பித் தரேன்.

இப்படிக்கு,
அல்சூர் மார்க்கெட் பார்சல் கவுன்டர்ல இருக்கிற உங்க தம்பி