அண்ணாச்சி இப்படிப் பேச மாட்டார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அக்காவின் தையல் கடைக்கு யாரோ எழுதிக் கொடுத்த இன்ஸ்டாகிராம் வரிகள் 'ஜவுளிக்கடல் விளம்பரம் மாதிரி இருக்கு' என்று எழுதியிருந்தாய். எனக்கும் இந்த மாதம் அதே வேலைதான், செக்கு எண்ணெய்க் கடை அண்ணாச்சிக்கு.

அவருக்கு ஒருவர் முப்பது பதிவுகளுக்கு வரிகள் எழுதிக் கொடுத்திருந்தார். முதலாவது இது: 'இயற்கையின் தூய்மை இனி உங்கள் இல்லத்தில்! மூன்று தலைமுறைப் பாரம்பரியத்தில் தயாரிக்கப்பட்ட மரச்செக்கு நல்லெண்ணெய், உங்கள் குடும்ப ஆரோக்கியத்திற்கான சிறந்த தேர்வு. இன்றே ஆர்டர் செய்யுங்கள்!' இதில் கடைப் பெயரை மாற்றினால் தேன் கடைக்கும் பொருந்தும், ஊறுகாய்க்கும் பொருந்தும். தலைமுறைக் கணக்கும் பொய். அண்ணாச்சி டயர் கடையில் இருந்துவிட்டு, செக்கு போட்டே ஒன்பது வருடம்தான் ஆகிறது.

நான் முதலில் செய்தது தப்பு. எழுத்து நடையைப் பேச்சு நடையாக்கினால் போதும் என்று நினைத்து, 'வாங்க மக்களே, நம்ம ஊரு எண்ணெய் மணக்குல்லா' என்று எழுதிக் கொண்டுபோனேன். படித்துவிட்டு, "இது யாரு பேசுதது?" என்றார். நெல்லைத் தமிழ் இருந்தது, அவர் இல்லை. சினிமாவில் வரும் அண்ணாச்சி மாதிரி இருந்தது.

அப்புறம் அவரிடம் கேட்டுக்கொண்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் போனில் ஒலிப்பதிவு போட்டு ஒரு காலை முழுக்க உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டபோது மூன்று விஷயம் புரிந்தது. 'ஆரோக்கியம்', 'தரம்' என்ற சொற்களை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எண்ணெய் 'தயாரிக்கப்படுவதும்' இல்லை, அவருக்கு அது 'ஆட்டின எண்ணெய்'. முக்கியமானது மூன்றாவது. பெருமையிலிருந்து அவர் பேச்சைத் தொடங்குவதே இல்லை, வாங்க வந்தவரின் சந்தேகத்திலிருந்துதான் தொடங்குகிறார். ஒரு அம்மா பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "அடியில என்ன கசடு?" என்றார். இவர் கொஞ்சமும் சங்கடப்படாமல், "அது மண்டிம்மா, இருக்கத்தான் செய்யும்" என்று விளக்கிவிட்டு, "ரெண்டு லிட்டர் எதுக்கு? பிடிக்குதான்னு பாருங்க, அரை லிட்டர் போதும்" என்று பெரிய பாட்டிலை அவரே திருப்பி வைத்துக்கொண்டார்.

இதை எந்த விளம்பரக்காரர் எழுதுவார்? நல்லெண்ணெய்ப் பதிவை இப்படி மாற்றினேன்:

'பாட்டில் அடியில கொஞ்சம் மண்டி நிக்கும், பயப்படாதீங்க. ஆட்டின எண்ணெய மூணு நாள் வெயில்ல வச்சுத் தெளிய விடுதோம், அப்படியும் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். குலுக்காம மேலாக ஊத்திக்கிடுங்க. எள்ளோட கருப்பட்டி போட்டு ஆட்டினது. முதல் தடவை வாங்குதவங்க அரை லிட்டர் வாங்குங்க, போதும்.'

மண்டியை முதல் வரியில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் ஓரிரு வரிகளோடு இன்ஸ்டாகிராம் மீதியை மடித்துவிடும். பழைய வரிகளில் 'இயற்கையின் தூய்மை' அந்த இடத்தைத் தின்றுகொண்டிருந்தது.

வட்டாரச் சொல் எவ்வளவு வைப்பது என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் தகராறு. 'விடுதோம்', 'ஊத்திக்கிடுங்க', 'வாங்குதவங்க' மூன்றை மட்டும் விட்டுவைத்தேன். எல்லா வினையையும் அப்படி எழுதினால் வெளியூர்க்காரர் தடுக்கி விழுவார், படிக்கும்போது கிண்டல் போலவும் ஆகிவிடும். திருத்தியதைத் திரையில் காட்டாமல், அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். 'மேற்பகுதியை மட்டும்' என்று நான் எழுதியிருந்த இடத்தில் நாக்கு நின்று, தானாகவே 'மேலாக' என்றார். அவர் மாற்றிய இடத்தில் எல்லாம் அவர் சொல்லையே வைத்துக்கொண்டேன். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அவர் சொல்வதை எல்லாம் எழுதிவிடவும் முடியாது. 'இதைக் குடிச்சா மூட்டுவலி ஓடிரும்' என்று வாய் நிறையச் சொல்வார். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் இடம் தருவதில்லை. கல்லாவில் சொல்வது காற்றோடு போகும், பதிவு அப்படியே நிற்கும். அதை எடுத்துவிட்டேன். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்துத் தெருக் கடையைப் பற்றிய நையாண்டியையும் எடுத்தேன், உண்மையில் அது பிரமாதமாக இருந்தது.

முப்பதில் பதினொன்றைத்தான் இப்படித் திருத்த முடிந்தது. பொங்கல், தீபாவளி வாழ்த்துகளை ஒரு வரியாக வெட்டிவிட்டு மேலே போனேன். அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாத பதிவுகளை அடித்தே விட்டேன்.

அக்காவுக்கும் அதுதான் வழி. அளவு எடுக்கும்போது அவர் பேசுவதை, வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஒரு அரை மணி நேரம் பதிவு செய்து அனுப்பு. 'ரெண்டு தையல் உள்ள விட்டிருக்கேன், அடுத்த வருசம் பிரிச்சுக்கலாம்' என்று அவர் சொல்வது எனக்கே ஞாபகம் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவரின் வரிகளில் அது எங்காவது இருக்கிறதா என்று பார்.

உனக்கு ஒரு லிட்டர் நல்லெண்ணெய் பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறேன். வந்ததும் ஒரு நாள் அசையாமல் வை.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை