நர்மதை இடம் மாறிய கதை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பெரியவளுக்கு வளைகாப்பு வைத்தோம், அந்த அலைச்சலில் பேனாவைத் தொடவே முடியவில்லை. தங்கச்சிக்கு முட்டி வலி இப்போது தேவலையா?

உன் மகள் போட்ட இந்திய மேப்பின் ஜெராக்ஸைப் பார்த்தேன். பெயர்கள் எல்லாம் சரி. ஆனால் நர்மதை விந்திய மலைக்கு வடக்கே ஓடுகிறது! முதலில் மலையைக் குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த இடத்தில் ஆற்றை நுழைத்திருக்கிறாள். என் மாணவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் செய்வார்கள்.

மேப் போட்டுப் பழக, பயிற்சித் தாளை அவளே தயாரிக்கட்டும். அட்லஸ் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, வெளிக்கோட்டையும் கடகரேகையையும் மட்டும் எடுத்து, ஏ4 தாளுக்கு ஜெராக்ஸ் போடச் சொல். அந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் சுமார் 150 கிலோமீட்டர் வரும். கடகரேகைக்கு ஸ்கேல் வேண்டாம். அட்லஸில் அது நடுவில் லேசாகத் தொய்ந்த வளைவு. இரண்டு முனையையும் நேர்கோட்டால் இணைத்தால் மத்தியப் பிரதேசத்தில் கோடு சில மில்லிமீட்டர் மேலேறிவிடும், அதை நம்பிப் போடுகிற ஆறும் கூடவே ஏறிவிடும். அவள் தாளில் அதுவும் நடந்திருக்கிறது.

அப்புறம் வரிசை. முதலில் நான்கு புள்ளிகள்: நர்மதை பிறக்கும் அமர்கண்டக், தபதி பிறக்கும் முல்தாய், முகத்துவாரங்களுக்குப் பக்கத்தில் பரூச், சூரத். கடைசி இரண்டுக்கும் நடுவே சுமார் 60 கிலோமீட்டர்தான், தாளில் வெறும் நாலு மில்லிமீட்டர். அதனால் பேனா வேண்டாம், கூரான பென்சில்தான். நர்மதை முழுக்கவும் கடகரேகைக்குத் தெற்கேதான் ஓடும். ஜபல்பூர் பக்கம் கோட்டை நெருங்கி வந்துவிட்டு, பிறகு தென்மேற்காக இறங்கும். இரண்டு ஆறுகளையும் போட்டபின் மலைகள் தானாக உட்கார்ந்துவிடும். நர்மதைக்கு வடகரையில் விந்தியம், இரண்டு ஆறுகளுக்கும் இடையில் சாத்பூரா. மாளவப் பீடபூமி விந்தியத்துக்கு வடக்கே. அதற்குப் புள்ளி வைக்கக் கூடாது. பரப்பைச் சாய்கோடுகளால் நிரப்பி உள்ளேயே பெயர் எழுத வேண்டும்.

முதல் தாளில் நான்கு புள்ளியும் கடகரேகையும் இருக்கட்டும். அடுத்ததில் கடகரேகை மட்டும். மூன்றாவதில் வெளிக்கோடு தவிர ஒன்றுமில்லை. போட்டு முடித்ததும், அதே அளவுக்குப் பெருக்கிய அட்லஸ் பிரதியை அடியில் வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தால் போதும். இரண்டு மில்லிமீட்டர் தவறினால் பரவாயில்லை, ஆனால் ஆறு மலையின் மறுபக்கம் போயிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

மூன்றாவது தாளை எனக்கு அனுப்பச் சொல். சிவப்புப் பேனா இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்